சிலர் அறையில், சிலர் ஆன்லைனில்: கிளையன்ட்டிடம் எப்படிச் சொல்வது?

*“அடுத்த வியாழக்கிழமை கிளையன்ட் தரப்பிலிருந்து மூன்று பேர் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். எல்லாரும் நேரில் இருப்போம் என்றுதான் சொல்லியிருந்தோம். இப்போது எங்கள் டேட்டா இன்ஜினியரால் வர முடியவில்லை, ஆன்லைனில்தான் சேருவார். அவர்களுடைய ஐடி பொறுப்பாளரும் வேறு நாட்டிலிருந்து பேசுவாராம். ‘மீட்டிங் ஹைப்ரிட்டாக நடக்கும்’ என்று ஒரு வரி மெயில் போட்டால் போதுமா? அவர்கள் குறையாக எடுத்துக்கொள்ளாமல் எப்படிச் சொல்வது?”*

போதாது. அந்த ஒரு வரியில் இருக்கும் ‘ஹைப்ரிட்’ என்ற சொல்தான் முதல் சிக்கல்.

நீங்கள் அதை எழுதும்போது உங்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. இன்னார் அறையில் இருப்பார், இன்னார் திரையில் இருப்பார், எல்லாம் முடிவானது. படிக்கிறவருக்கு அந்தப் படம் தெரியாது. “நேரிலும் வரலாம், ஆன்லைனிலும் வரலாம், உங்கள் விருப்பம்” என்று அவர் புரிந்துகொள்ள நிறைய வாய்ப்பு இருக்கிறது. பொதுக் கருத்தரங்குகளிலும் வகுப்புகளிலும் அந்தச் சொல் அப்படித்தானே பழகியிருக்கிறது? ஒரே மெயிலை மூன்று பேர் படித்தால் மூன்று விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

எனக்கு இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு கிளையன்ட்டுக்கு இதே மாதிரி ஒரு வரிதான் எழுதினேன். எங்கள் பக்கம் ஒருவர் மட்டும் ஆன்லைனில் என்பதைச் சொல்ல நினைத்து எழுதியது அது. அவர்களுடைய இயக்குநர் அதைப் படித்துவிட்டு, வரவேண்டிய அவசியமில்லை என்று முடிவு செய்து காரிலிருந்தே சேர்ந்தார். அவருக்குக் கீழே வேலை செய்யும் இருவர், அவர் வருவார் என்று நம்பி, நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்து அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் பாதிப் பேச்சு கேட்காமல் துண்டிக்கப்பட்டார். வந்த இருவருக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அன்றைக்கு முடிவாக வேண்டியது மூன்று வாரம் தள்ளிப்போனது. கோளாறு இணையத்திலோ கேமராவிலோ இல்லை. யார் எங்கே இருப்பார் என்று நான் எழுதாததுதான்.

அதனால் நான் இப்போதெல்லாம் கிளையன்ட்டுக்கு எழுதும்போது அந்தச் சொல்லையே தவிர்த்துவிடுகிறேன். அதற்குப் பதிலாக ஆட்களையும் இடத்தையும் எழுதுகிறேன். “நானும் வடிவமைப்பாளரும் அறையில் இருப்போம், டேட்டா இன்ஜினியர் ஆன்லைனில் இருப்பார்” என்று எழுதினால் வேறு அர்த்தம் எடுக்க இடமில்லை.

இன்னொரு விஷயம். பயணம் செய்து வரப்போகிற ஒருவர் இந்தச் செய்தியைப் படித்ததும் அவர் மனதில் மூன்று கேள்விகள் எழும். நான் இன்னும் வரவேண்டுமா? நான் யாரைப் பார்க்க வருகிறேனோ அவர் அங்கே இருப்பாரா? நான் எதற்காக வருகிறேனோ அந்த வேலை அன்றைக்கே முடியுமா? இந்த மூன்றையும் அவர் உங்களிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார். மரியாதைக்காகச் சும்மா இருப்பார். நீங்களாகவே பதில் சொல்லிவிட்டால் குறையாக எடுத்துக்கொள்ள அநேகமாக எதுவும் மிஞ்சாது. கிளையன்ட்டுகள் வருத்தப்படுவது ஒருவர் திரையில் வருகிறார் என்பதற்காக இல்லை. வந்து இறங்கிய பிறகு அதைத் தெரிந்துகொள்வதுதான் அவர்களுக்கு வலிக்கிறது.

உங்கள் விஷயத்தில் மூன்றாவது கேள்விதான் கனமானது. நீங்கள் என்ன புராஜெக்ட் என்று சொல்லவில்லை. ஆகவே ஒரு உதாரணம் வைத்துக்கொள்கிறேன். ஒரு கிடங்குக்கான சரக்கு மேலாண்மை மென்பொருள். பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு எந்தத் தேதியில் மாற்றுவது என்று வியாழக்கிழமை முடிவு செய்ய வேண்டும். அவர்கள் பக்கம் செயல்பாட்டு மேலாளர், நிதி மேலாளர், கிடங்கு மேற்பார்வையாளர் என்று மூவர் வருகிறார்கள். ஐடி பொறுப்பாளர் வெளிநாட்டில். உங்கள் பக்கம் நீங்களும் வடிவமைப்பாளரும் அறையில். டேட்டா மாற்றத்தைச் செய்யப்போகிறவர் திரையில்.

இதைப் பாருங்கள்: அன்றைய முக்கியமான பேச்சு, அதாவது பழைய டேட்டாவை எப்படி எடுப்பது, எப்போது எடுப்பது என்பது, இரண்டு பேருக்கு இடையில்தான் நடக்கப்போகிறது. அந்த இருவருமே அறையில் இல்லை. அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அறையில் இருக்கும் ஐந்து பேர் அவ்வளவு நேரமும் பார்வையாளர்கள். இதைக் கிளையன்ட்டிடம் சொல்வதற்கு முன் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அவர்களை வரவழைப்பது நியாயமா?

நேரில் காட்ட வேண்டியது ஏதாவது இருந்தால், உதாரணமாகக் கிடங்கு மேற்பார்வையாளர் ஸ்கேனரைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், திரையில் விரல் வைத்து “இந்தப் பொத்தான் எனக்குப் பெரிதாக வேண்டும்” என்று சொல்ல வேண்டும் என்றால், வருவதில் அர்த்தம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை, எல்லாமே பேச்சுதான் என்றால், எல்லாரும் ஆன்லைனில் சேருவதே நல்லது என்று நான் நேராகச் சொல்வேன். எல்லாரும் தனித்தனித் திரையில் இருக்கும் கூட்டத்தில் யாரும் யாருக்கும் தொலைவில் இல்லை. ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியும் இரண்டு பேர் வெளியிலும் இருக்கும்போதுதான் அந்த இருவர் மறக்கப்படுகிறார்கள். இதை முடிவு செய்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும்.

ஆமாம், போன். முதல் செய்தி மெயிலில் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏற்கெனவே ஒன்று சொல்லி, அதை மாற்றுகிறோம். அவர்கள் டிக்கெட் எடுத்திருக்கலாம், வேறு வேலையை ஒத்திவைத்திருக்கலாம். மெயிலில் அவர்களுடைய தயக்கம் உங்கள் காதில் விழாது. இரண்டு நிமிடப் பேச்சில் விழும். உங்கள் இன்ஜினியரால் வர முடியாது என்று தெரிந்த அன்றே, உங்களோடு வழக்கமாகப் பேசும் ஒருவரைக் கூப்பிடுங்கள். மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட வேண்டாம். அவர் தன் ஆட்களுக்குத் தன் வார்த்தையில் சொல்லிக்கொள்ளட்டும்.

பேச்சு இப்படி இருக்கலாம்:

“சார், வியாழக்கிழமை விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். நாள், நேரம், இடம் எதுவும் மாறவில்லை. எங்கள் டேட்டா இன்ஜினியரால் மட்டும் அன்றைக்கு அலுவலகத்துக்கு வர முடியாது. ஆன்லைனில் முழு நேரமும் இருப்பார், டேட்டா மாற்றப் பகுதியை அவரேதான் நடத்துவார். உங்கள் ஐடி பொறுப்பாளரும் ஆன்லைனில் என்பதால் அந்த முக்கால் மணி நேரம் பேச்சு பெரும்பாலும் திரை வழியாகத்தான் போகும். ஸ்கேனரைக் காட்டுவது, திரைகளைப் பார்ப்பது இரண்டுக்கும் நீங்கள் மூவரும் நேரில் இருந்தால் நல்லது. உங்களுக்கு இது சரியாக வருமா? இல்லை, அவர் நேரில் இருக்கும் நாளாகத்தான் வேண்டும் என்றால் அடுத்த வாரம் செவ்வாய் இருக்கிறது.”

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். மாறாதது முதலில் வருகிறது. “ஒன்று சொல்ல வேண்டும்” என்று கேட்டதும் எதிரில் இருப்பவர், சந்திப்பே ரத்தாகிவிட்டதோ என்றுதான் நினைப்பார். அந்தப் பதற்றத்தோடு கேட்பவருக்கு அடுத்த நான்கு வாக்கியம் மண்டையில் ஏறாது. அப்புறம், ஒரு குறையை மறைக்காமல் சொல்லியாகிவிட்டது: முக்கால் மணி நேரம் திரை வழியாகப் போகும். கடைசியில் ஒரு மாற்று வழியும் இருக்கிறது, அதற்கு ஒரு நாளும் குறித்திருக்கிறது. “வேறு நாள் வேண்டுமென்றாலும் வைத்துக்கொள்ளலாம்” என்று பொதுவாகச் சொன்னால் அது பேச்சுக்குச் சொன்னதாகவே படும். கிழமை சொன்னால்தான் நிஜமாகக் கொடுத்ததாக ஆகும். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் இன்ஜினியருக்கு ஒத்துவருமா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எவ்வளவு சொல்வது? “அன்றைக்கு அவரால் பயணம் செய்ய முடியாது” என்பதே போதும். உங்கள் சக ஊழியரின் உடல்நிலை, வீட்டுச் சூழ்நிலை எல்லாம் கிளையன்ட்டுக்குத் தெரியவேண்டியதில்லை. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமையும் இல்லை. காரணத்தை நீட்ட நீட்ட, தப்பு செய்துவிட்டு விளக்கம் கொடுப்பது போல ஆகிவிடும். அதேபோல “மிகவும் வருந்துகிறோம், தவிர்க்க முடியாத சூழ்நிலை” என்று மூன்று முறை மன்னிப்புக் கேட்காதீர்கள். சொன்னதை மாற்றியதற்கு ஒரு முறை வருத்தம் சொன்னால் போதும். அதற்கு மேல் போனால், ஏதோ பெரிய நஷ்டம் நடந்திருக்கிறது என்று அவர்களே நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் சரி என்றதும், அன்றைக்கே மெயில் எழுதுங்கள். இந்த மெயில் உங்களோடு பேசியவருக்கு மட்டும் இல்லை, பேசாத மற்ற மூவருக்கும் சேர்த்துத்தான். அதனால் போனில் பேசியதைத் தெரியாத ஒருவர் படித்தாலும் புரியவேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: வியாழன் காலை 10 மணிச் சந்திப்பு – யார் அறையில், யார் ஆன்லைனில்
>
> வணக்கம்.
>
> காலையில் போனில் பேசியதை எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். வியாழக்கிழமைச் சந்திப்பு ஏற்கெனவே சொன்னபடி காலை 10 முதல் 12 வரை, எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் தளக் கூட்ட அறையில் நடக்கும்.
>
> உங்கள் தரப்பில் செயல்பாட்டு மேலாளர், நிதி மேலாளர், கிடங்கு மேற்பார்வையாளர் மூவரும் அறையில் இருப்பார்கள். ஐடி பொறுப்பாளர் ஆன்லைனில் சேருவார். எங்கள் தரப்பில் நானும் வடிவமைப்பாளரும் அறையில் இருப்போம். டேட்டா இன்ஜினியர் நேரில் இருப்பார் என்று முன்பு சொல்லியிருந்தோம். இப்போது அவர் ஆன்லைனில் சேருகிறார். இந்த மாற்றத்துக்கு வருந்துகிறோம்.
>
> முதல் முக்கால் மணி நேரம் டேட்டா மாற்றம் பற்றிப் பேசுவோம். அதை இன்ஜினியர் நடத்துவார். அதன் முடிவில் மாற்றத்துக்கான தேதியை உறுதி செய்வோம். அதற்குப் பிறகு ஸ்கேனரையும் புதிய திரைகளையும் அறையில் காட்டுவோம். அந்த நேரத்தில் ஆன்லைனில் இருப்பவர்களுக்காகத் தனி கேமரா ஒன்று மேசையைப் பார்த்து இருக்கும்.
>
> டேட்டா பட்டியலை புதன்கிழமை மதியத்துக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன். அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் தனியாக எந்தத் தாளும் தரமாட்டோம்.
>
> சந்திப்பைப் பதிவு செய்ய உத்தேசம் இல்லை. குறிப்புகளை அன்று மாலையே அனுப்புவோம். பதிவு தேவை என்று நினைத்தால் புதனுக்குள் சொல்லுங்கள். எல்லாரும் சம்மதித்தால் செய்யலாம்.
>
> ஆன்லைனில் சேருபவர்களுக்கான இணைப்பு காலண்டர் அழைப்பில் இருக்கிறது. சேருவதில் சிரமம் இருந்தால் என் கைபேசிக்கு அழையுங்கள். எண் கீழே உள்ளது.
>
> உங்கள் தரப்பில் யாராவது இடம் மாறுவதாக இருந்தால், அறையிலிருந்து ஆன்லைனுக்கோ ஆன்லைனிலிருந்து அறைக்கோ, புதன் மாலைக்குள் ஒரு வரி எழுதினால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வோம்.

நீளமாகத் தெரியலாம். ஆனால் இதில் ஒரு பத்தியை எடுத்தாலும் வியாழக்கிழமை காலையில் அது ஒரு போன் அழைப்பாகத் திரும்பி வரும். பெயர்கள் இருந்தால் பதவிக்குப் பதில் பெயர்களையே எழுதுங்கள், இன்னும் தெளிவாக இருக்கும்.

கடைசிப் பத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். “யாராவது இடம் மாறினால் சொல்லுங்கள்” என்று கேட்பது உங்கள் பாதுகாப்புக்காக. மூவரில் நிதி மேலாளர் கடைசி நேரத்தில் “நானும் ஆன்லைனிலேயே சேர்ந்துகொள்கிறேன்” என்று முடிவு செய்தால் அறையில் இருப்பவர்களுக்கும் அது தெரிய வேண்டும். என் கதையில் அந்த இருவர் நான்கு மணி நேரம் பயணம் செய்தது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

தாள் பற்றிய வரியும் அப்படித்தான். அறையில் ஒரு அச்சுப் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு “இதோ இந்த வரிசையைப் பாருங்கள்” என்று யாராவது விரல் வைத்தால், வெளிநாட்டில் இருக்கும் ஐடி பொறுப்பாளர் அந்தக் கணமே கூட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். வெள்ளைப் பலகையில் எழுதுவதும் இதேதான். கேமராவில் அது பெரும்பாலும் பளபளக்கும் வெள்ளையாகத்தான் தெரியும். எல்லாருக்கும் ஒரே கோப்பு, முதல் நாளே, என்று சொல்லிவிட்டால் கிளையன்ட்டும் தன் பக்கத்தில் அதையே பின்பற்றுவார்.

காலண்டர் அழைப்பில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழைய அழைப்பை ரத்து செய்துவிட்டுப் புதியது அனுப்பாதீர்கள். ரத்துச் செய்தி முதலில் போய்ச் சேர்ந்தால், சந்திப்பே இல்லை என்று நினைத்து ஒருவர் வேறு வேலைக்கு அந்த நேரத்தைக் கொடுத்துவிடுவார். ஏற்கெனவே இருக்கும் அழைப்பையே திருத்துங்கள். இடம் என்ற கட்டத்தில் அறையின் முகவரி முதலில் இருக்கட்டும், இணைப்பு விவரப் பகுதியில் இருக்கட்டும். முகவரி தெரியாமல் வெறும் இணைப்பு மட்டும் கண்ணில் பட்டால், இது ஆன்லைன் கூட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். நேரத்தைத் தன் டைரியில் கையால் குறித்து வைத்திருப்பவருக்கு உங்கள் திருத்தம் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காகத்தான் மெயிலிலும் முழுதாக எழுதுகிறோம்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு அவருடைய ஊர் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். “காலை 10” என்பது யாருடைய காலை என்ற குழப்பம் சாதாரணமாக நடக்கிறது. சில நாடுகள் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகின்றன. அதுவும் எல்லா நாடுகளும் ஒரே தேதியில் மாற்றுவதில்லை. சென்ற மாதம் சரியாக இருந்த வித்தியாசம் இந்த மாதம் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கலாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் பயன்படுத்தும் வீடியோ செயலி அவர்கள் நிறுவனக் கணினியில் திறக்குமா? சில நிறுவனங்கள் வெளிச் செயலிகளைத் தடுத்து வைத்திருக்கின்றன. பிரவுசர் வழியாகச் சேர முடிந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் அதை புதன்கிழமையே ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். வெளி ஆட்கள் இணைப்பை அழுத்தினால் காத்திருப்பு அறையில் நிறுத்தி வைக்கும் அமைப்பும் பல செயலிகளில் உண்டு. நீங்கள் அறையில் மூவரையும் வரவேற்றுக்கொண்டிருப்பீர்கள். உள்ளே விடச் சொல்லும் அறிவிப்பு, மூடி வைத்த உங்கள் லேப்டாப்பில் வந்து கிடக்கும். அவர் பத்து நிமிடம் வெளியே நின்றுகொண்டே இருப்பார். அறையில் உங்கள் வடிவமைப்பாளர் அந்தப் பொறுப்பை ஏற்கட்டும். மெயிலில் கைபேசி எண் கொடுத்ததும் இதற்காகத்தான்.

இனி, கிளையன்ட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய ஒரு விஷயம், ஆனால் கிட்டத்தட்ட யாரும் சொல்லாத விஷயம்: பேசும் முறை.

ஒரே அறையில் பேசுகிறவர்கள் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, சாதாரணப் பேச்சில் அது ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது என்று காட்டியது. தொலைவில் இருப்பவருக்கோ, அறைப் பேச்சு முடிந்தது கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கிறது. அவர் வாய் திறந்தால் அதுவும் தாமதமாகத்தான் அறைக்கு வருகிறது. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அந்த 150 மில்லிநொடி எல்லையில் இருந்தாலே, போக வர இரண்டையும் கூட்டினால் அறைக்காரர்களின் இடைவெளியை விட அதிகம். அதாவது, உங்கள் இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் பேச வாயெடுக்கும்போது அறையில் வேறு ஒருவர் ஏற்கெனவே ஆரம்பித்திருப்பார். அவருக்குக் கூச்சம் என்றோ ஆர்வமில்லை என்றோ கிளையன்ட் நினைத்துக்கொள்வார். உண்மையில் அவருக்கு முறை கிடைக்கவே இல்லை.

இதற்குத் தீர்வு கருவியில் இல்லை, நடத்துபவரிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் நிறுத்தி, ஆன்லைனில் இருப்பவரைப் பெயர் சொல்லி முதலில் கேட்க வேண்டும். இப்படிச் செய்யப்போகிறோம் என்று கிளையன்ட்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மேலாளர் பேச வரும்போது நீங்கள் திரையைப் பார்த்து வேறொருவரை அழைப்பது அவருக்கு அவமரியாதையாகப் படும். மெயிலில் இதை எழுதினால் விதிமுறை போட்டது போல இருக்கும். அதனால் நான் கூட்டம் தொடங்கும்போது வாயால் சொல்வேன்: “ஆன்லைனில் இருவர் இருக்கிறார்கள். குரல் கொஞ்சம் தாமதமாக வரும் என்பதால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் முதலில் அவர்களைக் கேட்டுவிட்டு அப்புறம் அறைக்கு வருகிறேன்.” இதற்கு யாரும் மறுப்பு சொல்லிப் பார்த்ததில்லை.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். அறையில் இருப்பவர் யாராவது பட்டியலைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று தன் லேப்டாப்பில் அதே இணைப்பைத் திறப்பார். உடனே எதிரொலியோ ஊளைச் சத்தமோ கிளம்பும். மைக்கை மட்டும் அணைத்தால் போதாது. அந்த லேப்டாப்பின் ஸ்பீக்கரிலிருந்து வரும் தாமதமான குரலை அறையின் பொது மைக் பிடித்துத் திரும்ப அனுப்பும். மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைக்க வேண்டும். கிளையன்ட் ஆட்களிடம் இதைக் கூட்டத்தின் நடுவில் சொல்ல நேர்ந்தால் அவர்களைக் கண்டிப்பது போல ஆகும். முதலிலேயே பொதுவாகச் சொன்னால் ஏற்பாட்டின் பகுதியாகப் போய்விடும்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. பல செயலிகளில் பதிவு தொடங்கியதும் எல்லாருக்கும் ஓர் அறிவிப்பு வரும். ஆனால் அது திரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அறையில் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் அதைக் கவனிக்காமல் போகலாம். அவர்கள் குரலும் பதிவாகிறது. சில இடங்களில் பேசும் எல்லாருடைய சம்மதமும் சட்டப்படி வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் சேரும்போது அங்குள்ள சட்டமும் உள்ளே வரலாம். முன்கூட்டியே எழுத்தில் கேட்பதுதான் சரி.

சரி, போனில் அவர் “அப்படியானால் நாங்களும் ஆன்லைனிலேயே சேர்ந்துகொள்கிறோமே” என்றால் என்ன செய்வது? உடனே “இல்லை இல்லை, நீங்கள் வந்தே ஆக வேண்டும்” என்று கெஞ்சாதீர்கள். அவர் சொல்வதில் இரண்டு அர்த்தம் இருக்கலாம். பயணம் மிச்சமாகிறதே என்று நிஜமாகவே சொல்லியிருக்கலாம். இல்லையென்றால், “உங்களுக்கு முக்கியமில்லாதது எங்களுக்கு மட்டும் முக்கியமா” என்ற மனத்தாங்கலும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள நேரில் நடக்கவேண்டிய வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: “டேட்டா பகுதியை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம் சார். ஸ்கேனரை மட்டும் மேற்பார்வையாளர் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் ஒருவர் வந்தால் போதுமா, இல்லை வடிவமைப்பாளரை ஸ்கேனரோடு உங்கள் கிடங்குக்கு அனுப்பட்டுமா?” மனத்தாங்கல் என்றால் இரண்டாவது யோசனை அதைக் கரைத்துவிடும். நிஜமான வசதிக்காகக் கேட்டிருந்தால் அவர் முதலாவதற்குச் சம்மதிப்பார். எப்படியும் கூட்டம் முன்னைவிட நல்ல வடிவத்துக்கு வந்துவிடும்.

அவர் “எங்களுக்கு அந்த இன்ஜினியர் நேரில்தான் வேண்டும்” என்றால், செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். வாதாட வேண்டாம். அவரை நேரில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்று கிளையன்ட் நினைக்கிறார் என்றால், முன்னால் நடந்த ஏதோ ஒன்று அவருக்கு உறுத்துகிறது. அதைத் தெரிந்துகொள்வதற்கும் அந்த நேர்ச் சந்திப்புத்தான் உதவும்.

வியாழக்கிழமை காலையிலேயே நிலைமை மாறலாம். உங்கள் வடிவமைப்பாளரும் வர முடியாமல் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கிளம்பியிருந்தால் மெயில் யாரும் பார்க்க மாட்டார்கள். கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அந்தச் செய்தியின் முதல் சொற்களிலேயே அவர்கள் செய்யவேண்டியது இருக்கட்டும்: “பயணத்தைத் தொடருங்கள் சார், சந்திப்பு உண்டு. வடிவமைப்பாளரும் ஆன்லைனில் சேருகிறார். ஸ்கேனரை நான் காட்டுகிறேன்.” வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் பக்கத்தில் இருப்பவர் இதை வாசித்துக் காட்டுவார். முதல் மூன்று சொல்லில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அப்புறம், வடிவமைப்பாளர் அறையில் இல்லை என்பதால் காத்திருப்பு அறையைக் கவனிக்கும் பொறுப்பு இப்போது யாரிடம் என்பதை முடிவு செய்துவிட்டுக் கீழே போய் அவர்களை வரவேற்றுக்கொள்ளுங்கள்.